சரக்கு எத்தனை நாள் கடையில் நிற்கிறது? ரெடிமேட் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நடுத்தர ஊர் ஒன்றில் இருக்கும் குடும்ப ரெடிமேட் கடையை எடுத்துக்கொண்டு பதில்களை எழுதியிருக்கிறேன். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி நீக்கிய தொகை. உங்கள் கடையின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வியாபாரம் நன்றாகத்தான் ஓடுகிறது, லாபம் என்கிறார் ஆடிட்டர். ஆனால் சரக்கு தரும் பார்ட்டிக்கு செக் எழுதும்போது மட்டும் கணக்கில் பணம் இருப்பதில்லை. எங்கே போகிறது?

பெரும்பாலும் ரேக்கில் இருக்கிறது. நம் கடையின் ஒரு வருடக் கணக்கு இப்படி: விற்பனை 1 கோடியே 8 லட்சம். விற்றுப்போன சரக்கின் அசல் 78 லட்சம். மிச்சம் 30 லட்சத்தில் வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி எல்லாம் 22 லட்சம் போக, நிகர லாபம் 8 லட்சம்.

ஏப்ரல் 1 அன்று கடையில் இருந்த சரக்கு 36 லட்சம். அடுத்த மார்ச் 31 அன்று 40 லட்சம். பார்ட்டிகளுக்கு இருந்த பாக்கி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 8 லட்ச லாபத்தில் 4 லட்சம் கூடுதல் சரக்காக மாறி உள்ளேயே நின்றுவிட்டது. கைக்கு வந்தது 4 லட்சம்தான். வீட்டுச் செலவுக்கு வருடத்தில் 6 லட்சம் எடுத்திருந்தால், சரக்கை ஈடாக வைத்து பேங்க் தரும் சிசி கணக்கில் கடன் 2 லட்சம் ஏறியிருக்கும். திருட்டும் இல்லை, கணக்கும் பிசகவில்லை. வாங்கியது விற்றதைவிட அதிகம், அவ்வளவுதான்.

சரக்கு நாட்களை எப்படிக் கணக்கிடுவது?

முதலில் விற்றுப்போன சரக்கின் அசல் வேண்டும். தொடக்கச் சரக்கோடு வருடக் கொள்முதலைக் கூட்டி, கடைசிச் சரக்கைக் கழித்தால் அது வந்துவிடும். 36 லட்சத்தோடு 82 லட்சம் கொள்முதலைக் கூட்டி 40 லட்சத்தைக் கழித்தால் 78 லட்சம். லாரி வாடகை, ஏற்றுகூலி இவற்றையும் கொள்முதலில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் சூத்திரம் இதுதான்:

சரக்கு நாட்கள் = (சராசரி சரக்கு ÷ விற்ற சரக்கின் அசல்) × 365

தொடக்கமும் முடிவும் சேர்ந்து சராசரி 38 லட்சம். அதை 78-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 178 நாள். அதாவது, ஒரு சட்டை உள்ளே வந்து பில் போட்டு வெளியே போக சராசரியாக ஆறு மாதம் ஆகிறது.

அசலெல்லாம் எடுக்க முடியவில்லை. விற்பனைத் தொகையால் வகுத்தால் என்ன?

38 லட்சத்தை 108 லட்சத்தால் வகுத்தால் 128 நாள் வரும். 50 நாள் குறைவாகத் தெரியும், ஆனால் அது பொய். ரேக்கில் இருக்கும் சரக்கு அசல் விலையில், விற்பனையோ உங்கள் லாபமும் சேர்ந்த விலையில். இரண்டும் ஒரே அளவுகோலில் இல்லை. லாப விகிதம் கூடக்கூட இந்தப் பொய்யும் பெரிதாகும்.

எங்கள் கடையில் ஸ்டாக் எடுப்பது மார்ச் கடைசியில் மட்டும். அது போதாதா?

ஜவுளிக்கு நிச்சயம் போதாது. மார்ச் 31 என்பது சரக்கு மெலிந்திருக்கும் நாள். தீபாவளி முடிந்து, பொங்கல் முடிந்து, கோடைக்கும் பள்ளித் திறப்புக்கும் இன்னும் முழுதாக வாங்காத நேரம். செப்டம்பர் கடைசியில் போய்ப் பார்த்தால் அதே கடையில் 62 லட்சம் நிற்கும். மாடிப்படி வரை அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். வருடக் கணக்கு அந்த 62-ஐப் பார்ப்பதே இல்லை.

மாதக் கடைசிச் சரக்கை பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்து எடுத்து, பன்னிரண்டையும் கூட்டி 12-ஆல் வகுங்கள். நம் கடையில் அது 45 லட்சம். இப்போது சரக்கு நாட்கள் 211. உண்மையான எண் இதுதான். 178 என்று நினைத்துக்கொண்டு கடன் திட்டம் போட்டவருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் பணம் குறைவாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. காணாமல் போன, திருடு போன உருப்படிகளும் இந்தக் கணக்கில் ‘விற்ற சரக்கு’ என்றே விழும், ஏனென்றால் கடைசிச் சரக்கில் அவை இல்லை. ஆகவே நேரில் எண்ணிய ஸ்டாக்கும் கம்ப்யூட்டர் ஸ்டாக்கும் அதிகம் வேறுபட்டால், சரக்கு வேகமாக ஓடுகிறது என்று மகிழ்வதற்கு முன் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.

211 நாள் நல்லதா கெட்டதா? எத்தனை இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. மளிகைக் கடைக்கு 60 நாளே ஆபத்து, நகைக்கடைக்கு 200 நாள் சகஜம். எனக்குத் தெரிந்து பயனுள்ள ஒப்பீடு ஒன்றுதான்: பார்ட்டி உங்களுக்குக் கொடுக்கும் கடன் நாள்.

நம் கடைக்காரர் பார்ட்டிகளுக்குத் தர வேண்டிய பாக்கி வருடம் முழுக்கச் சராசரியாக 13.5 லட்சம். கொள்முதல் 82 லட்சம். 13.5-ஐ 82-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 60 நாள். கவுன்டர் வியாபாரம் என்பதால் வாடிக்கையாளரிடம் கடன் இல்லை, கார்டும் யுபிஐயும் மறுநாளுக்குள் வந்துவிடும். ஆக, சரக்கு 211 நாள் நிற்கிறது, பார்ட்டி 60 நாள்தான் பொறுக்கிறார். இடையில் உள்ள 151 நாளை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். அது உங்கள் சொந்தப் பணம், அல்லது பேங்க் பணம். தொகையில் சொன்னால் 45 லட்சம் சரக்கில் 13.5 லட்சம் பார்ட்டி பணம், 31.5 லட்சம் உங்கள் பொறுப்பு. இதற்கு 11 சதவீத வட்டி போட்டால் வருடத்துக்கு கிட்டத்தட்ட 3.47 லட்சம். சொந்தப் பணம்தானே என்றாலும் அந்த 31.5 லட்சம் வேறெங்கும் சம்பாதிக்காமல் இங்கேதான் நிற்கிறது.

நாள் குறைத்தால் கையில் எவ்வளவு பணம் வரும்?

78 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் 21,370 ரூபாய். இந்தக் கடையில் ஒரு நாள் சரக்கின் விலை இது. 211 நாளை 181 ஆக்கினால், 30 நாள், 6.41 லட்சம் ரூபாய் ரேக்கில் இருந்து கல்லாவுக்கு வரும். ஆனால் இது ஒருமுறை வரும் பணம், வருடா வருடம் வருவதில்லை. வருடா வருடம் மிச்சமாவது அதற்கான வட்டி, 70,500 ரூபாய் அளவுக்கு.

உங்கள் கடையின் இந்த ஒரு நாள் தொகையைக் கல்லாப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஏஜென்ட் வந்து “அண்ணாச்சி, இன்னும் இருபது பீஸ் சேர்த்துப் போடட்டுமா” என்று கேட்கும்போது, அது எத்தனை நாள் சரக்கு என்று உடனே மனதில் ஓடும்.

மொத்தக் கடைக்கும் ஒரே எண் பார்த்தால் போதும்தானே?

இல்லை, அந்த எண் நிறைய மறைக்கும். இதே 45 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளாடை, வேட்டி, லுங்கிப் பிரிவில் 5 லட்சம் சரக்கு, வருடத்தில் அசலில் 18 லட்சம் போகிறது, 101 நாள். பெண்கள் பிரிவில் 9 லட்சம் நிற்கிறது, 20 லட்சம் போகிறது, 164 நாள். ஆண்கள் சட்டை, பேன்ட் 14 லட்சம், 24 லட்சம், 213 நாள். குழந்தைகள் பிரிவில் 17 லட்சம் நிற்கிறது, ஆனால் போவது 16 லட்சம்தான். 388 நாள்.

கடையின் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பிரிவில் ஒரு வருடத்துக்கும் மேல் நிற்கிறது. 211 என்ற சராசரியில் இது தெரியவே தெரியாது.

குழந்தைகள் ரேக்கில் கையை விட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஃபிராக் செட்டாகத்தான் வரும், 16-இல் தொடங்கி 34, 36 வரை எல்லா சைஸும். 22, 24, 26 முதல் வாரத்திலேயே போய்விடும். அந்த சைஸ் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லாமல் இருக்க, அதே டிசைனில் இன்னொரு செட் வாங்குகிறோம். மறுபடி நடு சைஸ் போகிறது, 16-ம் 36-ம் இரண்டிரண்டாகச் சேர்கிறது. தீபாவளிக்குள் ஒவ்வொரு டிசைனிலும் ஓரத்து சைஸ்கள் மட்டும் தொங்கும். கடை நிறைய சரக்கு இருக்கும், வந்தவருக்கு வேண்டிய சைஸ் இருக்காது. செட் உடைத்து வாங்க பார்ட்டி ஒப்புக்கொண்டால், பீஸுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் பெரும்பாலும் அதுவே லாபம்.

எந்த உருப்படி பழசு என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாம் ஒன்றாகத்தான் தொங்குகிறது.

கொள்முதல் பில் தேதிதான் வயது. பார்கோடு அடிக்கும்போதே கொள்முதல் மாதத்தையும் வருடத்தையும் ஒரு சின்னக் குறியீடாக ஸ்டிக்கரில் போட்டுவிடுங்கள். விற்பனைப் பையனும் பார்த்தவுடன் பழசை முன்னால் இழுத்துக் காட்டுவான்.

டேலியில் `Ageing Analysis` என்ற அறிக்கை இருக்கிறது, மற்ற பில்லிங் சாஃப்ட்வேர்களிலும் இதுபோல ஒன்று இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா ஃபிராக்கையும் ‘கேர்ள்ஸ் ஃபிராக்’ என்று ஒரே ஐட்டமாகப் போட்டு வைத்திருந்தால், முதலில் வந்தது முதலில் போனது என்றே கணக்கு ஓடும். நிஜத்தில் புதுசு போய்ப் பழசு நிற்கும், அறிக்கையோ எல்லாம் புதுசு என்று சொல்லும். டிசைன் எண் வாரியாகவோ பேட்ச் வாரியாகவோ போட்டிருந்தால்தான் அதை நம்பலாம்.

நம் கடையின் 17 லட்சத்தை இப்படிப் பிரித்தால்: 90 நாளுக்குள் வந்தது 6 லட்சம், ஆறு மாதத்துக்குள் 3 லட்சம், ஒரு வருடத்துக்குள் 3.5 லட்சம், ஒரு வருடம் தாண்டியது 4.5 லட்சம். இந்தக் கடைசி 4.5 லட்சத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

குழந்தைகள் துணியில்தான் லாபமே அதிகம். மெதுவாகப் போனால் என்ன?

நியாயமான கேள்வி. பதில் லாப விகிதத்தில் மட்டும் இல்லை, அது வருடத்தில் எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதிலும் இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் அசலுக்கு மேல் 60 சதவீதம் லாபம். ஆனால் அங்கே போட்ட பணம் வருடத்தில் ஒரு முறைகூட முழுதாகச் சுற்றவில்லை. 100 ரூபாய் சரக்கு வருடத்தில் ஈட்டுவது 56 ரூபாய். உள்ளாடை, வேட்டியில் 18 சதவீதம்தான். ஆனால் அது வருடத்தில் 3.6 முறை சுற்றுகிறது, 100 ரூபாய் 65 ரூபாய் ஈட்டுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், “அதில் என்ன கிடைக்கிறது” என்று வேட்டி ரேக்கைச் சுருக்கியவர்கள் உண்டு.

அதற்காகக் குழந்தைகள் பிரிவை மூடச் சொல்லவில்லை. குழந்தைக்கு எடுக்க வரும் அம்மாதான் தனக்கும் எடுக்கிறார். அங்கே நிற்கும் 17 லட்சத்தை 11 லட்சமாக்கி அதே விற்பனையைப் பிடித்தால், 100 ரூபாய்க்கு 87 ரூபாய் வரும்.

பழைய சரக்கை அசலுக்குக் கீழே தள்ளினால் நஷ்டம் இல்லையா?

நஷ்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது, பில்லில் இன்னும் எழுதவில்லை என்பதுதான் விஷயம். 4.5 லட்ச அசலை 40 சதவீதம் கீழே விற்றால் கைக்கு 2.7 லட்சம் வரும். விற்காமல் வைத்தால் வட்டி மட்டும் மாதம் 4,125 ரூபாய். அதைவிடப் பெரிது விலைச் சரிவு. போன தீபாவளி ஃபிராக்குக்கு இந்த ஆடியில் 60 சதவீதம் கிடைக்கலாம், அடுத்த ஆடியில் மடிப்புக் கோடு மஞ்சளித்து, ஜரிகை கறுத்து, பாதி கிடைத்தால் அதிகம்.

வந்த 2.7 லட்சத்தை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மீதிக் கணக்கு. வேகமாகப் போகும் பிரிவில் சைஸ் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்றால், அங்கே போட்டு வருடத்தில் 1.75 லட்சம் வரை லாபம் எடுக்கலாம். இழந்த 1.8 லட்சம் ஏறக்குறைய ஒரு வருடத்தில் திரும்பிவிடும். ஆனால் அங்கே கேட்பவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே கிடைக்கிறது என்றால், கூடுதலாக வாங்கினாலும் கூடுதலாக விற்காது. வேட்டி ரேக்கும் தேங்கும். அப்போது பணத்தை சிசியில் கட்டுவதே சரி. மிச்சமாவது வருடத்துக்கு 29,700 ரூபாய் வட்டிதான், ஆனால் அது நிச்சயம்.

விற்காததைத் தூக்கிப் போட்டுவிட்டு கணக்கில் கழித்துவிடலாமா?

அதற்கு முன் ஜிஎஸ்டியைப் பாருங்கள். சரக்கை அழித்தாலோ, கணக்கில் கழித்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலோ, அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். எவ்வளவு குறைத்து விற்றாலும், பில் போட்டு விற்றால் அந்தப் பிரச்சினை இல்லை, விற்ற விலைக்கு வரி கட்டினால் போதும். ஆகவே கொடுப்பதைவிட, கழிப்பதைவிட, கிடைத்த விலைக்கு விற்பது மேல்.

வருடக் கடைசியில் நிற்கும் சரக்கை அசல் விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் விதி. பல கடைகளில் மூன்று வருடத் துணியும் முழு அசலில் நிற்கிறது. அப்படி இருந்தால் லாபம் ஊதித் தெரியும், கைக்கு வராத லாபத்துக்கு வரியும் கட்டுவீர்கள். ஆடிட்டரிடம் வயது வாரிப் பட்டியலைக் கொடுத்துப் பேசுங்கள், சும்மா ஒரு தொகையைக் குறைத்தால் நிற்காது.

பேங்க் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் பழைய சரக்கும் சேர்ந்தால் லிமிட் கூடத்தானே வரும்?

ஸ்டேட்மென்டில் சேரும், ஆனால் சிசியில் எவ்வளவு எடுக்கலாம் என்று பேங்க் போடும் டிராயிங் பவரில் சேராமல் போகலாம். வழக்கமான கணக்கு: 45 லட்சம் சரக்கில் பார்ட்டி பாக்கி 13.5 லட்சத்தைக் கழித்தால் 31.5. அதில் 25 சதவீதம் மார்ஜின் போனால் 23.6 லட்சம் வரை எடுக்கலாம். ஆனால் குறிப்பிட்ட நாளைத் தாண்டிய சரக்கைச் சேர்க்கக்கூடாது என்று பல அனுமதிக் கடிதங்களில் ஒரு வரி இருக்கும். உங்கள் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 180 நாள் என்று இருந்து, கடை முழுவதும் அப்படி 12 லட்சம் இருந்தால், டிராயிங் பவர் 14.6 லட்சத்துக்கு இறங்கும். ஸ்டாக் ஆடிட் வரும்போது திடீரென்று 9 லட்சம் கட்டு என்று வந்து நிற்பது இதனால்தான். அது பெரும்பாலும் தீபாவளிக் கொள்முதல் நேரமாக இருந்தால் சிரமம் இரட்டிப்பு.

பார்ட்டிக்குக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் சமாளிக்கலாமே?

முன்பு ஓடியது. இப்போது மூன்று இடத்தில் இடிக்கும். திருப்பூரிலோ ஈரோட்டிலோ உங்களுக்குத் தைத்துக் கொடுப்பவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள்தான் கெடு. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடு தாண்டி மார்ச் 31-இல் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கட்டிய வருடத்தில்தான் கிடைக்கும். வாங்கி விற்கும் மொத்த வியாபாரிகளுக்கு இது பொருந்தாது, தயாரிப்பவர்களுக்குத்தான். அதனால் யார் எந்த வகை என்று உத்யம் சான்றிதழை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது ஜிஎஸ்டி. பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பார்ட்டிக்குப் பணம் போகாவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும், பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 388 நாள் நிற்கும் ஃபிராக்கை விற்றுத்தான் பார்ட்டிக்குக் கொடுப்பேன் என்றால் இதில் மாட்டாமல் இருக்க முடியாது. மூன்றாவது, சட்டத்தில் எழுதாதது: தாமதமாகக் கொடுப்பவருக்கு நல்ல டிசைன் கடைசியில்தான் வரும்.

தீபாவளிக்கு முன்னால் கணக்கு பார்த்தால் நாள் தாறுமாறாக ஏறுகிறது. அதை நம்பலாமா?

பின்னோக்கிப் பார்க்கும் கணக்கை அந்த நேரத்தில் நம்ப வேண்டாம். செப்டம்பரில் அசலில் 4.5 லட்சம்தான் போகும், நாளுக்கு 15,000. மாதக் கடைசியில் நிற்கும் 62 லட்சத்தை அதால் வகுத்தால் 413 நாள். பயப்பட வேண்டியதில்லை, வரப்போகும் விற்பனை அதில் இல்லை. அந்த நேரத்தில் முன்னோக்கிப் பாருங்கள்: போன வருட மாதவாரி விற்பனையை அசலில் எழுதி, 62-இல் இருந்து ஒவ்வொரு மாதமாகக் கழித்துக்கொண்டே போனால் எந்த மாதத்தில் தீர்கிறது?

ஒன்று மட்டும் கவனம். தீபாவளி 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. இரண்டு வருடத்தின் செப்டம்பர் 30-ஐ ஒப்பிட்டால் தவறாகிவிடும். ஒன்றில் பண்டிகைக்கு மூன்று வாரம்கூட இல்லை, மற்றதில் ஐந்து வாரத்துக்கும் மேல் இருக்கிறது. தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பு என்று வைத்து ஒப்பிடுங்கள்.

சரி, இந்தத் தீபாவளிக்குக் குழந்தைகள் பிரிவில் எவ்வளவுக்கு வாங்கலாம்?

சீசனில் விற்கும் என்று நினைக்கும் அசலோடு, சீசன் முடிந்த பின் ரேக்கில் இருக்க வேண்டிய சரக்கைக் கூட்டுங்கள். அதில் இருந்து இப்போது இருப்பதையும், ஆர்டர் கொடுத்து இன்னும் வராததையும் கழியுங்கள். மிச்சம்தான் வாங்கும் வரம்பு. நம் கடையில் சீசனில் 7 லட்சம் போகும், முடிவில் 10 லட்சம் போதும், இருப்பது 17 லட்சம், ஆர்டரில் எதுவும் இல்லை. 7-ம் 10-ம் சேர்ந்து 17, அதில் 17 போனால் பூஜ்ஜியம்.

ஆனால் தீபாவளிக்குப் புது டிசைன் இல்லாமல் கடை திறக்க முடியாது என்பதும் உண்மை. அந்த 17-இல் 4.5 லட்சம் இந்த சீசனில் சாதாரண விலைக்கு விற்காது என்று நமக்குத் தெரியும். ஆடியிலேயே அதைத் தள்ளிவிட்டால் கையில் இருப்பது 12.5 லட்சம், வரம்பு 4.5 லட்சமாகத் திறக்கும். தள்ளியதில் கைக்கு வந்தது 2.7 லட்சம், மீதி 1.8 லட்சத்துக்கு மட்டும் பார்ட்டி கடனோ சிசியோ வேண்டும். ஆடியில் தள்ளாமல் அந்த 4.5 லட்சத்துக்கும் புதிதாகக் கடனில் வாங்கினால், தீபாவளி முடிந்ததும் ரேக்கில் 14.5 லட்சம் நிற்கும், பார்ட்டிகளின் 60 நாள் கெடு பொங்கலுக்கு முன்பே வந்துவிடும்.